அக்கா கல்யாணம் 1984, அப்பா இறந்தது 2001: நிலத்தில் யாருக்கு எத்தனை சென்ட்?

கரைவயல்

வணக்கம். பாகப்பிரிவினை பற்றி ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு 3 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை இருக்கிறது. 1946-ல் தாத்தாவும் அவர் தம்பியும் பத்திரம் பதிந்து பிரித்துக்கொண்டபோது தாத்தா பாகத்துக்கு வந்த நிலம். தாத்தா 1953-ல் இறந்தார். அப்பா அவருக்கு ஒரே பிள்ளை. இது தவிர டவுனில் ஒரு வீடு. அப்பா மில்லில் வேலை பார்த்த காலத்தில் 1979-ல் தன் பெயரில் வாங்கியது. அப்பா 2001-ல் தவறிவிட்டார். உயில் எதுவும் இல்லை. அம்மா இருக்கிறார். பிள்ளைகள் மூன்று பேர்: அக்கா, அண்ணன், நான். அக்காவுக்கு 1984-லேயே கல்யாணம் ஆகிவிட்டது.

அண்ணன் சொல்லும் கணக்கு: நிலத்தில் எனக்குப் பாதி, உனக்குப் பாதி. வீட்டிலும் அப்படியே. அக்காவுக்கு நகை போட்டுச் சீர் செய்தாகிவிட்டது, அதனால் பங்கு இல்லை. அம்மாவுக்குச் சாகும்வரை சோறு போடுவோம், பங்கு எதற்கு என்கிறார். இப்போது அக்கா முதல்முறையாகத் தன் பங்கைக் கேட்கிறார். சட்டப்படி யாருக்கு எவ்வளவு?

ஊர்க்குருவி

உங்கள் அண்ணன் சொல்வது பாதி சரி. தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை கொடுத்த சட்டம் 25.3.1989 முதல் அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்கு அது கிடையாது. உங்கள் அக்காவுக்கு 1984-ல் கல்யாணம். ஆக, நிலத்தில் பங்கு இல்லை. வீடு அப்பா சம்பாத்தியம் என்பதால் அதில் மட்டும் உண்டு. எங்கள் சித்தப்பா வீட்டு வழக்கில் இப்படித்தான் தீர்ப்பானது.

பழைய கட்டு

சித்தப்பா வழக்கு எந்த வருஷம் முடிந்தது தம்பி? 2005-க்கு முன்னால் என்றால் நீங்கள் சொல்வது சரி. அதற்குப் பிறகு கதை மாறிவிட்டது.

நான் வக்கீல் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பாகவழக்குக் கட்டுகள் நிறைய சுமந்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பத்திரம் எதையும் பார்க்காமல் சொல்வது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1989 சட்டம் நம் மாநிலத்துத் திருத்தம். கல்யாணமான பெண்ணை அது வெளியே வைத்தது உண்மை. ஆனால் மத்திய அரசு 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவையே மாற்றி எழுதியது. 9.9.2005 முதல் அமல். அதில் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேச்சே இல்லை. மகனைப் போலவே மகளும் பிறப்பாலேயே பங்காளி. அப்பா 2005-க்கு முன்பே இறந்துவிட்டால் அந்த மகளுக்கு உரிமை உண்டா இல்லையா என்று பல வருஷம் இழுபறியாக இருந்தது. 2015-ல் ஒரு தீர்ப்பு இல்லை என்றது. கடைசியில் 11.8.2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் முடித்துவைத்தார்கள்: பிறப்பால் வருகிற உரிமைக்கு, அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆக, 1984 கல்யாணமோ 2001 மரணமோ உங்கள் அக்காவைத் தடுக்காது.

கணக்கு போடுவதற்கு முன் எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, தாத்தா இறந்தபோது பாட்டி இருந்தாரா? இரண்டு, 20.12.2004-க்கு முன் நீங்கள் ஏதாவது பிரிவினை செய்திருக்கிறீர்களா? மூன்று, நிலத்தில் ஏதாவது விற்றதுண்டா?

நித்தி78

நல்ல திரி. எனக்கும் இதே பிரச்சினைதான். தாத்தா சொந்தமாக வாங்கிய தோட்டம். அவர் 1968-ல் காலமானார். அப்பா பெயருக்குப் பட்டா வந்தது. இப்போது அப்பா அதை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டார். தாத்தா சொத்து பேரனுக்குத்தானே? தடை வாங்க முடியுமா?

பழைய கட்டு

நித்தி தம்பி, உங்களுடையது இதே பிரச்சினை இல்லை, நேர் எதிர். தாத்தா சொத்து பேரனுக்கு என்பது ஊர்ப் பேச்சு. 17.6.1956-க்குப் பிறகு ஒருவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை உயில் இல்லாமல் விட்டுப் போனால், 8-ஆம் பிரிவின்படி அது வாரிசுகளுக்கு அவரவர் தனிச் சொத்தாகப் போகிறது. உங்கள் அப்பா உயிரோடு இருக்கும்போது நீங்கள் அந்த வாரிசுப் பட்டியலிலேயே இல்லை. 1986-ல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். அது அப்பா கையில் அவர் தனிச் சொத்து. விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். உங்கள் பாட்டியும் அத்தைமார்களும் இருந்திருந்தால் அவர்கள் பங்கு அதில் இருக்கும். அவர்கள் வேண்டுமானால் கேட்கலாம், நீங்கள் கேட்க முடியாது.

கரைவயலின் நிலம் அப்படி இல்லை. அவர் தாத்தா இறந்தது 1953, சட்டம் வருவதற்கு முன். நிலமும் அதற்கு முந்தைய தலைமுறையிலிருந்து பிரிந்து வந்தது. அதனால்தான் அது அசல் பங்காளிச் சொத்து. எல்லோரும் எல்லாவற்றையும் பூர்வீகம் என்கிறார்கள். எந்தக் கையில், எந்த வருஷத்தில் இருந்து வந்தது என்று பார்க்காமல் அந்தச் சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நித்தி78

என்ன சார், இப்படிச் சொல்லிவிட்டீர்கள். அப்பா தப்பாகக் குறைந்த விலைக்கு விற்கிறார், அதற்காகவாவது...

பழைய கட்டு

அது மகன் அப்பாவிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். கோர்ட்டுக்கு வேலை இல்லை.

கரைவயல்

ஐயா, பாட்டி தாத்தாவுக்கு முன்பே, 1950-ல் இறந்துவிட்டார். அது ஏன் முக்கியம்?

இரண்டாவது கேள்விக்கு: 1996-ல் ஒரு கூர்ச்சீட்டு போட்டோம். அப்பா, அண்ணன், நான் மூன்று பேர் கையெழுத்து, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சாட்சி. பதிவு செய்யவில்லை. வடபாதி அண்ணனுக்கு, தென்பாதி எனக்கு, அப்பாவுக்கு வருஷத்துக்கு இவ்வளவு நெல் என்று எழுதியிருந்தது. மூலம் அண்ணனிடம் இருக்கிறது. மூன்றாவது: 2003-ல் அண்ணன் தன் வடபாதியிலிருந்து 40 சென்ட் விற்றார். அந்தக் கிரயம் பதிவானது.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தாமரைக்குளம்

சொல்லியிருக்கத்தான் வேண்டும் தம்பி. நான் உங்கள் அக்கா இடத்தில் இருக்கிறவள். கல்யாணத்தில் போட்ட நகையைச் சொல்லியே எங்கள் வீட்டிலும் வாயை அடைத்தார்கள். சீர் கொடுத்தது பங்கு கொடுத்ததாக ஆகாது. மகள் தன் உரிமையை விட்டதாக ஆக வேண்டுமென்றால் அவளே பதிவு செய்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நான் 2011-ல் அதில் கையெழுத்துப் போட்டேன். பட்டா மாற்றத்துக்கு ஒரு கையெழுத்து என்று சொல்லித்தான் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தது வீட்டுக்கு வந்த பிறகு. உங்கள் அக்கா எதிலும் கையெழுத்துப் போடவில்லையே?

கரைவயல்

இல்லை அக்கா. 1996-ல் அவரைக் கூப்பிடவே இல்லை.

பழைய கட்டு

சரி, இப்போது பார்ப்போம். பாட்டியைக் கேட்டதற்குக் காரணம், 1937-லேயே விதவைக்குக் கணவன் பங்கில் ஓர் உரிமை கொடுத்த சட்டம் உண்டு. 1953-ல் பாட்டி இருந்திருந்தால் கணக்கின் முதல் வரியே மாறியிருக்கும். உங்கள் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

கூர்ச்சீட்டை ஒதுக்கிவைத்துவிட்டு நிலத்தைக் கணக்கு போடுகிறேன். 3 ஏக்கர் 20 சென்ட் என்பது 320 சென்ட். விற்ற 40 சென்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா இறப்பதற்குச் சற்று முன் ஒரு பிரிவினை நடந்ததாகக் கற்பனை செய்வது வழக்கம். அவர் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கத்தான் அந்தக் கற்பனை. பங்காளிகள் அப்பா, அக்கா, அண்ணன், நீங்கள். நான்கு பேர். ஆளுக்கு 80 சென்ட். இனி அப்பாவின் 80 சென்ட் மட்டும் வாரிசுகளுக்குப் போகிறது. வாரிசுகள் அம்மா, மூன்று பிள்ளைகள். ஆளுக்கு 20 சென்ட். ஆக, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 80-ம் 20-ம் சேர்ந்து 100 சென்ட். அம்மாவுக்கு 20 சென்ட். பின்னத்தில் சொன்னால் பிள்ளைகளுக்கு 16-ல் 5, அம்மாவுக்கு 16-ல் 1.

அண்ணன் விற்ற 40 சென்ட் அவர் கணக்கில் கழியும். நம் மாகாணத்தில் பங்காளி தன் பிரிபடாத பங்கைக் கிரயத்துக்கு விற்கலாம் என்பது பழைய நடைமுறை. அதோடு 20.12.2004-க்கு முன் நடந்த விற்பனையை 2005 சட்டம் தொடுவதில்லை. வாங்கியவர் நிம்மதியாக இருக்கலாம், அண்ணனுக்கு மிச்சம் 60 சென்ட்.

வீடு அப்பாவின் சுயார்ஜிதம் என்றால் அதில் பிறப்புரிமை பேச்சே இல்லை. நான்கு வாரிசுக்கும் சரிசமம், ஆளுக்குக் கால் பங்கு.

ஊர்க்குருவி

மனைவிக்கு 20 சென்ட்தானா? மும்பையில் என் மாமா இறந்தபோது அத்தைக்குப் பிள்ளைகளோடு சமமாகப் பங்கு கொடுத்தார்களே.

பழைய கட்டு

கொடுத்திருப்பார்கள், அதுவும் சரிதான். பம்பாய்ப் பக்கத்து வழக்கப்படி அப்பாவும் பிள்ளைகளும் பிரியும்போது மனைவிக்கும் ஒரு பாகம் உண்டு. 1978-ல் குருபாத் வழக்கில் அந்தக் கணக்கை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. தென்னகத்தில் அந்த வழக்கம் எப்போதோ மறைந்துபோனது. இதே குடும்பம் அங்கே இருந்திருந்தால் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பாகம், ஆளுக்கு 64. அப்பாவின் 64-ஐ நாலாக்கினால் 16. எல்லோருக்கும் 80 சென்ட் வந்திருக்கும். ஒரே சட்டம்தான். அங்கே அம்மாவுக்கு 80, இங்கே 20.

எனக்கு இது எப்போதும் உறுத்துகிற இடம். மகளுக்குச் சமப் பங்கு வந்துவிட்டது என்று எல்லோரும் பேசுகிறார்கள். மகளையும் பங்காளியாகச் சேர்த்தபோது அப்பா பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்றிலிருந்துதான் அம்மாவுக்கு வர வேண்டும். அவர் பங்கு 12-ல் ஒன்றிலிருந்து 16-ல் ஒன்றாக இறங்கியது.

வழக்காடி

நான் பயிற்சியில் இருக்கும் வக்கீல். பெரியவர் சொன்ன விடையோடு எனக்கு உடன்பாடு, ஆனால் எதிர்த்தரப்பு இவ்வளவு சுலபமாக விடாது. இரண்டு வாதம் வரும்.

முதலாவது: அப்பா இறந்தது 2001. அன்றைக்கு இருந்த பழைய 6-ஆம் பிரிவின்படி கற்பனைப் பிரிவினை அன்றே முடிந்துவிட்டது, அன்று பங்காளிகள் மூன்று ஆண்கள்தான், அதனால் அப்பாவின் பங்கு மூன்றில் ஒன்று என்று நிலைத்துவிட்டது என்பார்கள். அந்தக் கணக்கில் மகன்களுக்கு ஆளுக்கு 12-ல் 5, மகளுக்கும் அம்மாவுக்கும் 12-ல் 1. சென்டில் சொன்னால் மகன்களுக்கு 133 சொச்சம், அக்காவுக்கு 27 கூட முழுதாக வராது. கற்பனைப் பிரிவினை உண்மையான பிரிவினை ஆகாது, கூட்டுக் குடும்பம் அதனால் உடைவதில்லை என்று வினீதா சர்மாவில் தெளிவாகவே இருக்கிறது. அதனால் இந்த வாதம் நிற்காது என்று நினைக்கிறேன். ஆனால் பதில் மனுவில் கட்டாயம் எழுதுவார்கள்.

இரண்டாவது கூர்ச்சீட்டு. உண்மையான சண்டை இங்கேதான். கரைவயல் சார், 1996-க்குப் பிறகு நிலத்தை யார் எப்படி அனுபவித்தீர்கள்?

கரைவயல்

அண்ணன் வடபாதியைத் தானே பயிர் செய்தார். நான் வெளியூர் வேலை, தென்பாதியைக் குத்தகைக்கு விட்டேன். நெல்லோ பணமோ எனக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பட்டா மட்டும் இன்றுவரை அப்பா பெயரில்தான் இருக்கிறது. கந்தாய ரசீதும் அவர் பெயரில்தான்.

பழைய கட்டு

அப்படியானால் ஒரு கேள்வி தம்பி. கூர்ச்சீட்டு நின்றால் உங்களுக்கு 160 சென்ட். நிற்காவிட்டால் 100. நீங்கள் எது நிற்க வேண்டும் என்று வந்திருக்கிறீர்கள்?

கரைவயல்

உண்மையைச் சொன்னால், கேட்க வந்தபோது 160 நிற்குமா என்றுதான் தெரிந்துகொள்ள வந்தேன். இப்போது தெரியவில்லை.

தாமரைக்குளம்

இவ்வளவு நேர்மையாகச் சொன்னதே பெரிய விஷயம். எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

வழக்காடி

கூர்ச்சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 20.12.2004-க்கு முன் நடந்த பிரிவினையை 2005 சட்டம் கலைக்காது. ஆனால் பிரிவினை என்றால் பதிவான பத்திரம் அல்லது கோர்ட் தீர்ப்பாணை என்று அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது. மகளை ஏமாற்ற முன்தேதி போட்டுக் காகிதம் தயார் செய்வதைத் தடுக்கத்தான் அந்த விளக்கம். வாய்மொழிப் பிரிவினையைச் சாதாரணமாக ஏற்கக் கூடாது என்பது வினீதா சர்மாவிலும் இருக்கிறது. விதிவிலக்காக, அரசு ஆவணங்கள் துணையோடு ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தால் மட்டும் ஏற்கலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள்.

அண்ணன் அந்தக் கதவு வழியாகத்தான் வருவார். 2003 கிரயப் பத்திரத்தை நீட்டி, பார், பதிவான ஆவணத்திலேயே 1996 பாகம் பற்றி எழுதியிருக்கிறது என்பார்.

பழைய கட்டு

எழுதியிருக்கலாம், ஆனால் எழுதியது யார்? அவரேதான். தனக்குத் தானே சாட்சி. பட்டா பிரியவில்லை, கந்தாயம் அப்பா பெயரில். அந்தக் காலத்தில் உண்மையாகவே பிரிந்த குடும்பங்கள் தாலுகா ஆபீசில் உட்பிரிவுக்கு மனு கொடுத்து, அளந்து கல் நட்டு, ஆளுக்கொரு பட்டா வாங்கிவிடும். அது இருந்தால் கதை வேறு. இல்லாததுதான் அக்காவுக்குப் பலம்.

இன்னொன்று. கூர்ச்சீட்டின் வாசகத்தைப் பாருங்கள். "ஏற்கெனவே பிரித்து அனுபவித்து வருவதை ஞாபகத்துக்காக எழுதிக்கொண்டது" என்று இருந்தால் அது வெறும் குறிப்பு, பதிவு செய்யாததற்காக மட்டும் தள்ள முடியாது. "இன்று முதல் இவ்வாறு பிரித்துக்கொள்கிறோம்" என்று இருந்தால் அதுவே பிரிவினைப் பத்திரம். பதிவு இல்லாமல் பிரிவினையை நிரூபிக்க அதைச் சாட்சியத்தில் வாங்க மாட்டார்கள். முத்திரை குறைந்திருந்தால் பத்து மடங்கு வரை தண்டமும் உண்டு. எத்தனையோ வழக்கு அந்த ஒரு வரியில் சாய்ந்திருக்கிறது. நகல் இருக்கிறதா?

கரைவயல்

என்னிடம் ஒரு ஜெராக்ஸ் இருக்க வேண்டும். தேடுகிறேன்.

இன்னொரு சிக்கல். அண்ணனுக்கு இரண்டு பையன்கள். நாங்களும் பிறப்பால் பங்காளிகள்தானே, தலைக்கு ஒரு பங்கு போட்டால் எங்கள் பக்கம் கூடுதலாக வருமே என்று மூத்தவன் சொல்கிறான். எனக்கு ஒரே மகள்.

பழைய கட்டு

பங்காளிதான், ஆனால் தலைக்கு ஒன்று கிடையாது. முதல் பிரிவு கிளைக்கு ஒன்று. அண்ணன் கிளைக்கு வருவது அண்ணன் பங்கு. அந்தப் பங்காளிப் பாகத்துக்குள் வேண்டுமானால் பையன்கள் அப்பாவிடம் கேட்டுக்கொள்ளட்டும். உங்கள் மகளுக்கும் உங்களிடம் அதே உரிமை உண்டு, மறந்துவிடாதீர்கள்.

கரைவயல்

சரி ஐயா. வீட்டைப் பற்றி அண்ணன் புதிதாக ஒன்று சொல்கிறார். வயல் வருமானத்தில்தான் அப்பா வீடு வாங்கினார், அதனால் வீடும் பூர்வீகம்தான் என்கிறார்.

வழக்காடி

சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். கூட்டுக் குடும்பம் இருந்தது என்பதாலேயே குடும்பத்தில் ஒருவர் பெயரில் உள்ள சொத்து பொதுச் சொத்து ஆகிவிடாது. 1954-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன விதி இது. அந்த நிலம் குடும்பச் செலவு போக மிச்சம் பிடிக்கும் அளவுக்கு வருமானம் கொடுத்தது என்று அண்ணன் முதலில் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் பாரம் மற்றவர்கள் மேல் திரும்பும். 1970-களில் 3 ஏக்கர் நஞ்சை ஐந்து பேருக்குச் சோறு போட்டது போக ஒரு வீடு வாங்கும் அளவுக்கு மிச்சம் விட்டதா? மில் சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கடன் எடுத்த காகிதம், ஏதாவது கிடைத்தால் எடுத்து வையுங்கள்.

பழைய கட்டு

அண்ணன் அதை ஏன் சொல்கிறார் என்று கவனித்தீர்களா? வீடு சுயார்ஜிதம் என்றால் நாலு பேருக்கும் 16-ல் 4. பொதுச் சொத்து என்றால் பிள்ளைகளுக்கு 16-ல் 5, அம்மாவுக்கு 16-ல் 1. அந்த வாதம் ஜெயித்தால் பிள்ளைகள் மூன்று பேருக்குமே கொஞ்சம் கூடும். அக்காவுக்கும் கூடும், உங்களுக்கும் கூடும். நஷ்டப்படுகிற ஒரே ஆள் அம்மா. அவரோ வக்கீல் வைக்க மாட்டார். அதனால்தான் இந்த வாதத்தை எதிர்த்துக் கேட்க ஆளில்லாமல் போகிறது. நான் பார்த்த வழக்குகளில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வீடு பொதுச் சொத்துதான் என்று ஒப்புக்கொண்டு மெமோ போட்டதும் உண்டு. அம்மா பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

தாமரைக்குளம்

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஊர்க்குருவி

அக்கா இத்தனை வருஷம் கேட்காமல் இருந்துவிட்டாரே, 12 வருஷம் தாண்டினால் போச்சு என்பார்களே?

வழக்காடி

12 வருஷம் ஓடத் தொடங்குவது, உனக்கு இதில் பங்கு இல்லை என்று விலக்கப்பட்டது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து. சும்மா கேட்காமல் இருந்த காலம் கணக்கில் வராது. 1996 கூர்ச்சீட்டு பற்றி அக்காவுக்கு எப்போது தெரியும் என்பதுதான் கேள்வி. அண்ணன் அன்றே தெரியும் என்பார்.

கரைவயல்

அன்று அவர் ஊரில் இல்லை. அப்புறம் அப்பா காரியத்தின்போது பேச்சு வந்திருக்கலாம். எனக்கு நிச்சயமாக நினைவில்லை.

பழைய கட்டு

அந்த நினைவில்லை என்பதைத்தான் கூண்டில் நிறுத்தி ஒரு மணி நேரம் கேட்பார்கள். வழக்கு போனால் அம்மா உட்பட எல்லோரையும் கட்சி சேர்க்க வேண்டும், நிலம், வீடு இரண்டையும் ஒரே வழக்கில் போட வேண்டும். முதல்நிலைத் தீர்ப்பில் பின்னம் மட்டும்தான் சொல்வார்கள். எது யாருக்கு என்பது அதன் பிறகு, கமிஷனர் வந்து அளந்து, ஆட்சேபணை கேட்டு, இறுதித் தீர்ப்பில். அந்த இரண்டாம் கட்டத்தில் வருஷக்கணக்காகக் கிடக்கும் கட்டுகள் ஏராளம். உட்கார்ந்து பேசிப் பதிவு செய்துகொள்ள முடிந்தால் அதைப் பாருங்கள்.

கரைவயல்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ஜெராக்ஸ் கிடைத்தது. மடிப்பில் மை அழிந்திருக்கிறது. "இன்று முதல்" என்று படிக்க முடிகிறது. அதற்கு முந்தைய வரியில் "வாய்மொழியாக ஏற்கெனவே" என்று இரண்டு சொல்லும் இருக்கின்றன.

வழக்காடி

இரண்டும் இருக்கிறதா! அப்படியென்றால் இரண்டு பக்கமும் அதே காகிதத்தைப் படிக்கும். முழு வாசகத்தையும் மூலத்தில் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

கரைவயல்

நேற்று நான்கு பேரும் உட்கார்ந்தோம். நான் 100 சென்டுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை, எழுந்தும் போகவில்லை. அக்கா தென்கோடியில் தன் பாகத்தைக் கேட்கிறார். அம்மா கேட்பது கிணற்றை ஒட்டிய 20 சென்ட். அண்ணன் கேட்பதும் அதே இடம்தான். கிணறு ஒன்றுதான் இருக்கிறது.

பழைய கட்டு

கிணற்றையும் மோட்டாரையும் மின் இணைப்பையும் யார் பாகத்திலும் சேர்க்காதீர்கள். பொதுவில் வைத்து, போகிற பாதையையும் வாய்க்காலையும் அளவோடு பத்திரத்தில் எழுதி, தண்ணீருக்கு முறை போடுங்கள். உங்கள் பின்னத்துக்கு 16 நாள் முறை சரியாக வரும். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து நாள், அம்மாவுக்கு ஒரு நாள். 40 சென்ட் வாங்கியவருக்கு ஏற்கெனவே கிணற்றில் பங்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று 2003 பத்திரத்தில் பார்த்துவிடுங்கள். கொடுத்திருந்தால் அது அண்ணனின் ஐந்து நாளிலிருந்து போக வேண்டும்.

கரைவயல்

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு நாள் தண்ணீர் போதும், வீட்டில் கால் பங்கை மட்டும் விடமாட்டேன் என்கிறார். அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை. 2003 பத்திரத்தின் நகலுக்கு இன்று மனு போட்டிருக்கிறேன்.